டைம் அவுட்டில் வாக்கெடுப்பு நடத்த முடியாது

பிள்ளையைப் புதிதாகச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது காசு எவ்வளவு என்று. அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: "சேர், நீங்க ஸ்ட்ரிக்டா, இல்லாட்டி பிள்ளைகளோட கதைச்சுப் பேசிச் செய்றவரா?" ஸ்ட்ரிக்ட் என்றால் சில தாய்மாருக்கு நிம்மதி. சிலர் மகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் சிரித்துச் சமாளித்து, சப்பாத்து எங்கே வாங்கலாம் என்ற கதைக்குத் தாவிவிடுவேன். ஒருகொடவத்தைக் கோர்ட்டில் நின்றபடி அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல நேரம் போதாது. பேஸ்லைன் வீதிக் கொள்கலன் லொறிகளின் சத்தத்தில் சொன்னாலும் பாதிதான் கேட்கும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பதினைந்து, பதினாறு வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறேன். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், இந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான் கூட. வெள்ளவத்தையிலிருந்தும் ஒரு சிலர் வருகிறார்கள். அந்தத் தூரம் அணிக்குள் என்ன செய்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பெற்றோரின் கேள்வியில் ஓர் ஊகம் இருக்கிறது. ஒரு பயிற்றுநர் ஒன்றில் சர்வாதிகாரி, அல்லது சனநாயகவாதி. உயரம், நிறம் போல அது அவருடைய பிறவிக் குணம் என்ற ஊகம். இதை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர் என்பது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. பாக்கியநாதன் செல்லத்துரை, சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்துக் கனடா போனவர். வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்திலும் பின்பு அமெரிக்காவின் ஒஹாயோ ஸ்டேட்டிலும் பேராசிரியராக இருந்தார். விளையாட்டுத் தலைமைத்துவம் பற்றி உலகில் எங்கே படித்தாலும் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய ஆய்வுகளில் பலவற்றுக்குக் களம் கூடைப்பந்து என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

1978-இல் அவரும் ஹாகர்ட்டி என்பவரும் சேர்ந்து ஒரு வழிமுறையை வெளியிட்டார்கள். நிர்வாகத் துறையில் வ்ரூம், யெட்டன் என்ற இருவர் 1973-இல் செய்ததை விளையாட்டுக்கு ஏற்ப மாற்றிய வேலை அது. அதன் சாரம், ஆளைப் பார்க்காதே, முடிவைப் பார் என்பது. ஒரே பயிற்றுநர் ஒரே நாளில் ஒரு முடிவைத் தனியாக எடுக்கலாம், இன்னொன்றைப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம், மற்றொன்றை எல்லாருமாக உட்கார்ந்து எடுக்கலாம், வேறொன்றைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். எதற்கு எது என்பதை அந்த முடிவின் தன்மையே சொல்லும். அதைக் கண்டுபிடிக்க அவர்கள் ஏழு கேள்விகள் வைத்தார்கள். நேரம் இருக்கிறதா? முடிவு சரியாக அமைவது அவ்வளவு முக்கியமா? வேண்டிய தகவல் யாரிடம் இருக்கிறது? பிரச்சினை எவ்வளவு சிக்கல்? அணி மனதால் ஏற்றுக்கொண்டால்தான் முடிவு வேலை செய்யுமா? பயிற்றுநருக்கு அணியிடம் எவ்வளவு செல்வாக்கு? அணி ஒன்றாக இருக்கிறதா, பிளவுபட்டிருக்கிறதா?

ஏழையும் வரிசையாக விளக்கினால் பாடக் குறிப்பாகிவிடும். ஒரு மெச்சை எடுத்துக்கொண்டு போவோம்.

எதிரணியில் உயரமான ஒரு சென்டர். எங்கள் பிள்ளைகள் ஆளுக்கு ஆள் காவல் போடுகிறார்கள். அந்தப் பிள்ளை கூடைக்குக் கிட்ட நின்று பந்தை வாங்கித் திரும்பித் திரும்பிப் போடுகிறாள். முதல் பாதி முடிவதற்குள் எங்கள் சென்டருக்கு மூன்று ஃபவுல். ஐந்தானால் வெளியே.

இடைவேளையில் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சென்டர் எந்தத் தோள் பக்கமாகத் திரும்புகிறாள், பந்து கையில் வந்த பிறகு தரையில் தட்டுகிறாளா, நேரே எழும்புகிறாளா? பெஞ்சிலிருந்து எனக்கு முதுகுகள்தான் தெரிகின்றன. அவளோடு உரசிக்கொண்டு நின்ற பிள்ளைக்குத்தான் அது தெரியும். தகவல் என்னிடம் இல்லாதபோது நான் தனியே முடிவெடுத்தால் அது வெறும் ஊகம். ஆகவே கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் நம் ஊர் வருகிறது. எல்லாரையும் வட்டமாக இருத்தி "என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் கப்டன் அக்கா வாய் திறப்பாள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை பதினாறு வயதுப் பிள்ளைக்கு எதிர்க்கதை சொல்வது நம் வீடுகளில் பழக்கமில்லை. ஆகவே நான் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொருவராகக் கேட்பேன். அன்றைக்கு எங்கள் சென்டர் சொன்னது: "சேர், அவ எப்பவும் வலப் பக்கந்தான் திரும்புறா. இடப் பக்கம் வந்தா பந்தத் தட்டித்தான் ஆகணும்." இந்த ஒரு வரிக்குப் பெறுமதி அதிகம். வட்டத்தில் கேட்டிருந்தால் வந்திருக்காது. செல்லத்துரையின் பிந்திய ஆய்வுகளில் தனித்தனியே கலந்தாலோசிப்பதும் கூட்டமாகக் கலந்தாலோசிப்பதும் இரண்டு வேறு முறைகளாகவே வரும். அந்தப் பிரிப்பு அவசியமா என்று ஒரு காலத்தில் யோசித்திருக்கிறேன். நம் பிள்ளைகளோடு நின்று பார்த்தால் அவசியம் விளங்கும்.

கேட்டாயிற்று. இனி என்ன செய்வது என்று முடிவு செய்வது யார்? இந்த இடத்தில்தான் செல்லத்துரை சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. கஷ்டமான பிரச்சினை என்றால் எல்லாரும் சேர்ந்து யோசித்தால் நல்லது என்றுதான் நமக்குத் தோன்றும். அவர் அதற்கு நேர் எதிராகச் சொன்னார். ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறும், அது மாறினால் மூன்றாவது ஆடும் என்று கண்ணிகளாக நீளும் பிரச்சினையைக் கூட்டம் மோசமாகத்தான் கையாளும். விஷயம் தெரிந்த ஒருவர் முழுச் சங்கிலியையும் தலைக்குள் வைத்து ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பதே நல்லது.

எங்கள் மெச்சிலும் அதுதான் நிலை. ஆளுக்கு ஆள் காவலை விட்டு 2-3 ஸோனுக்குப் போகலாம். முன்னால் இருவர், கூடைக்குக் கிட்ட மூவர். அந்தச் சென்டரைச் சுற்றி எப்போதும் ஆள் இருக்கும், எங்கள் பிள்ளைக்கு ஃபவுலும் குறையும். ஆனால் எதிரணி பந்தை ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் நடுவில் கொண்டுவந்தால்? எங்கள் சென்டர் முன்னேறிப் பிடித்தால் அவளுக்குப் பின்னால் கூடையடி திறந்துவிடும். அதை மூட ஓரத்தில் நிற்பவள் உள்ளே வர வேண்டும். அவள் வந்தால் மூலை திறக்கும், அங்கே மூன்று புள்ளிக்கு எறிகிற பிள்ளை இருக்கிறாளா என்று பார்க்க வேண்டும். சென்டரை அசையவிடாமல் முன்னால் நிற்கும் இருவரில் ஒருத்தியைப் பின்னால் இறக்கினால், மேலே பந்தை வைத்திருப்பவளுக்குக் காற்று வாங்க இடம் கிடைத்துவிடும். இதை ஐந்து பேர் சேர்ந்து பேசினால் ஒவ்வொருவரும் தன் இடத்தை மட்டும் பார்ப்பார்கள். ஓரத்தில் நிற்பவள் மூலையைப் பற்றிக் கவலைப்படுவாள், சென்டர் ஃபவுலைப் பற்றி. கடைசியில் பாதி ஸோன், பாதி ஆளுக்கு ஆள் என்ற ஒரு சமரசம் பிறக்கும். அப்படிக் காவல் போடும் அணிக்கு எதிராக விளையாடுவது எவருக்கும் இனிக்கும்.

ஆகவே அந்த முடிவு என்னுடையது. 2-3 ஸோன், நடுவுக்குப் பந்து வந்தால் முன்னால் நிற்பவள் இறங்குவாள், சென்டர் இருந்த இடத்திலேயே இருந்து அவளை இடப் பக்கமாகத் திருப்புவாள், மூலையைக் கொஞ்ச நேரத்துக்கு விட்டுக்கொடுக்கிறோம். "ஏன் சேர்?" என்று ஒருத்தி கேட்டாள். "மெச் முடியட்டும் மகள், சொல்றேன்." இதைச் சர்வாதிகாரம் என்றால் சர்வாதிகாரம்தான். ஆனால் அது சென்டர் தந்த தகவலில் நின்றது. கேட்டுவிட்டுத் தனியே முடிவெடுப்பதும் கேட்காமல் தனியே முடிவெடுப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும், பெஞ்சில் இருப்பவளுக்கு வித்தியாசம் தெரியும்.

கடைசி டைம் அவுட்டில் கேட்பதற்கும் நேரமில்லை. சர்வதேச விதியில் முதல் பாதிக்கு இரண்டு டைம் அவுட், இரண்டாம் பாதிக்கு மூன்று, ஒவ்வொன்றும் 60 விநாடி. 50 விநாடியில் மேசையிலிருந்து முதல் ஒலி வந்துவிடும். பிள்ளைகள் ஓடிவந்து, மூச்சுவாங்கி, ஒரு மிடறு தண்ணீர் குடித்து நிமிர்வதற்குள் பதினைந்து இருபது போய்விடும். மிஞ்சுவது அரை நிமிடம். அதற்குள் மூன்று வசனம் சொல்லலாம், நான்காவது வசனம் முதலாவதை அழித்துவிடும். யார் பந்தை உள்ளே கொடுப்பது, யாருக்குத் திரை போடுவது, அது சரிவராவிட்டால் பந்து எங்கே போவது. அவ்வளவுதான். ஒரு போட்டியில் எதிரணிப் பயிற்றுநர் ஒருவர் கடைசி டைம் அவுட்டில் "யார் எறியப் போறீங்க?" என்று கேட்டதைப் பார்த்தேன். நல்ல மனிதர், பிள்ளைகளை மதிப்பவர். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒலி வந்துவிட்டது. கோர்ட்டுக்குத் திரும்பியதும் பந்து கை மாறிக்கொண்டே இருந்தது, எறிய ஒருத்தியும் துணியவில்லை, 24 விநாடி முடிந்தது.

இதுவரை படித்தவர்கள் நான் சர்வாதிகாரத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்கலாம். கோர்ட்டுக்கு வெளியே வந்தால் நிலைமை தலைகீழ்.

பயிற்சி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத் தந்திரம்போல் இதில் சரி, பிழை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சனி காலையோ ஞாயிறு பின்னேரமோ, பந்து ஒரே மாதிரித்தான் துள்ளும். ஆனால் பிள்ளைகள் மனதால் ஏற்காவிட்டால் அந்த முடிவுக்கு உயிர் இல்லை. தகவல் முழுவதும் அவர்களிடம்தான்: யாருக்கு ஓ/எல் டியூஷன், யாருக்கு ஞாயிறு பூசை, யாருக்கு அறநெறி வகுப்பு, யாருடைய அப்பா எந்த நேரம் கொண்டுவந்து விடுவார். நானாக ஒரு நேரத்தை அறிவித்தால் "சரி சேர்" என்பார்கள். அடுத்த கிழமை ஆறு பேர் வருவார்கள், அதற்கடுத்த கிழமை நான்கு பேர். வாய் திறந்து எதிர்க்காத நம் பிள்ளைகள் காலால் எதிர்ப்பார்கள்.

அப்படியென்றால் வாக்கெடுப்பு நடத்திவிடலாமே? இங்கேதான் நான் முன்பு சொன்ன தூரம் குறுக்கே வருகிறது. கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளைகள் கூட, வெள்ளவத்தைப் பிள்ளைகள் குறைவு. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி நெரிசலில் வந்து கோட்டையில் பஸ் மாறி இங்கே சேர வேண்டும். வாக்கெடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் வெல்லும். தோற்கிற பிள்ளைகளுக்கு அது சனநாயகமாகத் தெரியாது. வேறு வேறு பள்ளிக்கூடம், வேறு வேறு சிநேகிதக் கூட்டம், ஒரு பக்கம் மற்றப் பக்கத்தின் ஆங்கிலத்தைக் கேலி செய்வது, மற்றது இதன் தமிழைக் கேலி செய்வது. செல்லத்துரையின் ஏழாவது கேள்வி இதற்குத்தான்: அணி ஒன்றாக இல்லாதபோது கூட்டு முடிவு நல்ல முடிவாகவும் வராது, அணியைச் சேர்க்கவும் மாட்டாது. பிளவு எண்ணிக்கையாக வெளியே தெரிவதுதான் மிச்சம். அதனால் நான் விருப்பமான நேரத்தைக் கேட்பதில்லை. வரவே முடியாத நேரங்களை ஒவ்வொருவரையும் எழுதித் தரச் சொல்வேன். எல்லாத் துண்டையும் வைத்து மிஞ்சும் நேரத்தில் ஒன்றை நானே தேர்ந்து, எதனால் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்வேன். யாருடைய கஷ்டம் எதில் இருக்கிறது என்று மற்றப் பக்கத்துக்கும் அப்போதுதான் தெரியவரும். அணி ஒன்றாகிவிட்ட பிறகு வாக்கெடுப்புக்குப் போகலாம், அப்போது பெரும்பாலும் வாக்கெடுப்புத் தேவைப்படாது.

ஏற்றுக்கொள்ளல் என்ற கேள்வியைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே எல்லாரும் பார்த்த உதாரணம் இருக்கிறது. 2018 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத்தில் இலங்கை கிரிக்கெட் அணி பங்களாதேஷிடமும் ஆப்கானிஸ்தானிடமும் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது. அஞ்சலோ மெத்தியூஸ் ஒருநாள் தலைமைப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பயிற்றுநர் சந்திக ஹத்துருசிங்க, கண்டிப்புக்குப் பெயர்போனவர். பயிற்றுநரும் இருந்த கூட்டத்தில் தேர்வாளர்கள் தன்னை விலகச் சொன்னதாகவும், தோல்விக்குத் தன்னைப் பலிக்கடா ஆக்கிவிட்டதாகவும் மெத்தியூஸ் கிரிக்கெட் சபைக்குக் கடிதம் எழுதினார். பிறகு உடற்தகுதியைக் காரணம் சொல்லி ஒருநாள் அணியிலும் அவரை விட்டார்கள். டிசெம்பரில் வெலிங்டன் டெஸ்ட். மெத்தியூஸும் குசல் மெண்டிஸும் நான்காம் நாள் முழுவதும் விக்கெட் விழாமல் நின்றார்கள். சதம் அடித்ததும் மெத்தியூஸ் உடைமாற்றும் அறைப் பக்கம் பார்த்து மைதானத்திலேயே தண்டால் எடுத்தார்.

அந்தத் தண்டாலை நான் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன், அவர்களுக்குச் சிரிப்பு. எனக்கு அதில் தெரிவது வேறு. நீக்கியது சரியா பிழையா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. விக்கெட்டுகளுக்கிடையே ஓட்டம் குறைவு என்ற வாதத்தில் ஞாயமும் இருந்திருக்கலாம். ஆனால் தலைவரை மாற்றுவது டைம் அவுட் முடிவு அல்ல. அதற்கு நேரம் இருக்கிறது, அணியின் மனம் சேராவிட்டால் பலனும் இல்லை. அப்படிப்பட்ட முடிவைத் தனியே எடுக்கப் பயிற்றுநருக்கு அணியிடம் மிகப் பெரிய செல்வாக்கு வேண்டும். பதவி தரும் செல்வாக்கு அதற்குக் காணாது, விளையாட்டுத் தெரிந்தவர், நம்மைத் தெரிந்தவர் என்று வீரர்கள் நம்புகிற செல்வாக்கு வேண்டும். அது இல்லாமல் எடுத்த முடிவுக்குப் பதில் எங்கோ ஒரு நாள், எல்லாரும் பார்க்க வரும்.

என் அணியில் கப்டனைத் தெரிவதற்கு ஒவ்வொருவரும் இரண்டு பெயர் எழுதி மடித்துத் தருவார்கள். எண்ணிக்கையை நான் வெளியில் சொல்வதில்லை. துண்டுகளைப் பார்த்து நானே அறிவிப்பேன். முதலிடத்தில் வந்தவளையே பெரும்பாலும் போடுவேன், எப்போதும் அல்ல.

சரி, முழுவதையும் பிள்ளைகளிடம் விட்டுவிடலாமா? ஜேர்சி நிறம், சூடேற்றும்போது போடுகிற பாட்டு, யார் பந்துப் பை தூக்குவது, இவற்றை விட்டுவிடுகிறேன். என்ன முடிவானாலும் ஆட்டத்துக்கு நட்டமில்லை. (பாட்டு விஷயத்தில் என் காதுக்கு நட்டம் உண்டு.) ஆனால் தொடக்க ஐவரைத் தெரியும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடுவது கொடுமை என்றே நினைக்கிறேன். கனடாவில் கூடைப்பந்து வீரர்களிடம் செல்லத்துரையும் ஆர்னட்டும் செய்து 1985-இல் வெளியான ஆய்வில், எந்த முறை வேண்டும் என்று கேட்டபோது வீரர்கள் அதிகம் ஒதுக்கியது இந்த ஒப்படைக்கும் முறையைத்தான். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. சிநேகிதியைப் பெஞ்சில் இருத்தும் முடிவைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏன் வைக்க வேண்டும்? அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ளத்தானே பயிற்றுநர் இருக்கிறார்.

முறை பிழைத்துவிட்டால் எப்படித் தெரியும்? கோர்ட்டில் பார்க்கலாம். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு பிள்ளைகள் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றால், கட்டளை கூடிவிட்டது, தாங்களே எடுக்க வேண்டிய சின்ன முடிவுகளையும் என்னிடம் கேட்கிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கத்து நோய் பொய்யாகக் கேட்பது. முடிவை மனதில் வைத்துக்கொண்டே அபிப்பிராயம் கேட்கும் பயிற்றுநரைப் பிள்ளைகள் இரண்டாம் முறையே பிடித்துவிடுவார்கள். பிறகு அவருக்குப் பிடித்த பதில்தான் வரும். அந்தச் சென்டர் எந்தத் தோள் பக்கம் திரும்புகிறாள் என்ற உண்மை வராது. அதைவிடக் கேட்காமலே இருக்கலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு, அதைப் பேஸ்லைன் வீதியே எனக்கு நடத்தித் தருகிறது. 1939-இல் குர்ட் லெவின், லிப்பிட், வைட் என்ற மூவர் அமெரிக்காவில் பத்து வயதுச் சிறுவர் கழகங்களில் செய்த பரிசோதனை ஒன்று பிரபலம். கட்டளையிடும் தலைவரின் கீழ் சிறுவர்கள் அவர் இருக்கும்வரை மும்முரமாக வேலை செய்தார்கள், அவர் வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசும் தலைவரின் கீழ் அவர் போன பிறகும் வேலை தொடர்ந்தது. துறைமுகத்துக்குப் போகும் லொறிகள் வரிசையில் நின்று நான் அரை மணி நேரம் பிந்தி வரும் நாட்களில், கோர்ட்டுக்கு வெளியே நின்று ஒரு நிமிடம் பார்ப்பேன். லே-அப் வரிசை ஓடுகிறதா, ஃபோன் வரிசை ஓடுகிறதா என்று. சுற்றுப்போட்டி முடிந்த கையோடு வரும் கிழமைகளில், அதாவது நான் அதிகம் கட்டளையிட்ட காலத்துக்குப் பிறகு, ஃபோன்தான் கூட. அப்போது கொஞ்ச நாளைக்குப் பயிற்சித் திட்டத்தை அவர்களோடு இருந்து போடுவேன்.

பெற்றோருக்குச் சொல்ல ஒன்று மிச்சம் இருக்கிறது. செல்லத்துரையும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து ஜப்பானிய வீரர்களையும் கனடிய வீரர்களையும் ஒப்பிட்டார்கள், 1988-இல் வெளியானது. ஜப்பானிய வீரர்கள் கனடியரைவிட அதிகம் விரும்பியவை இரண்டு: பயிற்றுநர் தானே முடிவெடுப்பதும், தங்கள் சொந்த நலனில் அவர் அக்கறை காட்டுவதும். இரண்டும் ஒன்றாக. எங்கள் பிள்ளைகளிடம் யாரும் அப்படி அளந்து பார்த்ததாக நான் அறியவில்லை, ஆனால் படித்தபோது முகங்கள் ஞாபகம் வந்தன. ஸோனில் ஏன் நின்றோம் என்று கேட்காமல் நின்ற அதே பிள்ளை, மெச் முடிந்து பஸ் ஏறியதும் நான் "வீட்ட சேர்ந்தியா?" என்று கேட்காவிட்டால் அடுத்த நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவாள். ஆகவே அடுத்த முறை யாராவது நீங்க ஸ்ட்ரிக்டா என்று கேட்டால், எந்த விஷயத்தில் என்று திருப்பிக் கேட்கப்போகிறேன்.